நிரலை நம்ப முடியாத நேரத்தில் பொசிஷன்களைக் கையால் மூடுவது எப்படி

2012 ஆகஸ்ட் 1 அன்று காலை 9.30 மணிக்கு நியூயார்க் பங்குச் சந்தை திறந்தபோது, நைட் கேப்பிட்டல் என்ற தரகு நிறுவனத்தின் ஆர்டர் அனுப்பும் நிரல் எட்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழில் புதிய பதிப்பு ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் ஏற்றத் தவறிவிட்டார்கள். பல ஆண்டுகளாகப் பயன்படாமல் அந்த எட்டாவது சர்வரில் கிடந்த `Power Peg` என்ற பழைய பகுதி, புதிய வேலைக்காக மறுபடியும் எடுத்துக்கொள்ளப்பட்ட ஓர் அடையாளத்தைக் கண்டு இயங்கத் தொடங்கியது. கேட்ட அளவு வாங்கியாயிற்றா என்று எண்ணிப் பார்க்கும் வேலை அதனிடமிருந்து எப்போதோ பிரிக்கப்பட்டிருந்ததால், அது ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்களின் 212 சிறு ஆர்டர்களுக்காக, 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்து முடிந்தன. இறுதியில் இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த 45 நிமிடங்களுக்குள் நடந்த ஒரு செயலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில், சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் நிரலைத் திருத்த முயன்றார்கள். சரியாக வேலை செய்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய பதிப்பை நீக்கினார்கள். விளைவாக அந்த ஏழிலும் `Power Peg` விழித்துக்கொண்டது. நிரலைத் திருத்துவதும், பொசிஷன்களை, அதாவது வாங்கியோ விற்றோ இன்னும் முடிக்காமல் நிற்கும் வர்த்தகங்களை, மூடுவதும் இருவேறு வேலைகள் என்று பிரித்து, பின்னதை மட்டும் கையால் செய்ய எழுதிவைத்த முறை அவர்களிடம் இருக்கவில்லை.

வீட்டிலிருந்து ஒரு சிறு நிரலை வைத்து இந்தியச் சந்தையில் வர்த்தகம் செய்பவருக்கும் இதே சிக்கல் சிறிய அளவில் வருகிறது. எல்லாவற்றையும் விற்று வெளியேறும் ஒரு கட்டளை பெரும்பாலும் நிரலுக்குள்ளேயே இருக்கும். ஆனால் அந்தக் கட்டளையும் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை அதே நிரலின் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பட்டியல் பிழையாக இருந்தால், வெளியேறும் கட்டளை பிழையை இரட்டிப்பாக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நிரல் ஒரு பங்கில் 500 வாங்கியிருக்கிறது. விற்று வெளியேறும் நேரம் வந்ததும் 500 விற்க ஆர்டர் அனுப்புகிறது. ஆர்டர் புரோக்கரைச் சென்றடைந்து நிறைவேறிவிடுகிறது. ஆனால் இணையம் தடுமாறியதால் பதில் மட்டும் திரும்பி வரவில்லை. பதில் இல்லையென்றால் ஆர்டரும் போகவில்லை என்று நிரல் முடிவு செய்து, இன்னும் இரண்டு முறை அனுப்புகிறது. மூன்றும் நிறைவேறின. நிரலின் பட்டியலில் இப்போதும் 500 பங்குகள் கையில் இருப்பதாகவே எழுதியிருக்கும். உண்மையில் கணக்கு 1,000 பங்குகள் ஷார்ட், அதாவது கையில் இல்லாத 1,000 பங்குகளை விற்ற நிலை. இதற்கிடையே, பழைய 500 பங்குகளைக் காக்க வைத்த ஸ்டாப் லாஸ் விற்பனை ஆர்டர் ஒன்றும் காத்திருக்கிறது. இந்த நிலையில் நிரலின் வெளியேறும் கட்டளையை அழுத்தினால், கணக்கு 1,500 ஷார்ட்டுக்குப் போகும்.

ஆகவே முதல் வேலை எதையும் விற்பதோ வாங்குவதோ அல்ல. நிரலின் கையைக் கட்டுவதுதான். கணினியில் நிரலை நிறுத்தினால் போதும் என்று தோன்றும். ஆனால் தானாக மீண்டும் எழும்படி அமைத்திருந்தால், `kill` கொடுத்த சில நொடிகளிலேயே அது திரும்ப ஓடத் தொடங்கிவிடும். லினக்ஸில் சர்வீஸாக ஓடும் நிரலென்றால் கீழ்க்கண்டபடி நிறுத்த வேண்டும்.

```
sudo systemctl stop algo.service
```

இங்கே `algo` என்ற இடத்தில் உங்கள் சர்வீஸின் பெயர் வரும். இதையும் முழுமையாக நம்பாமல், புரோக்கரின் தளத்தில் நுழைந்து அந்த நிரலுக்கு வழங்கிய அனுமதியை ரத்து செய்வது உறுதியான வழி. கதவை நம் பக்கத்தில் சாத்துவதைவிட எதிர்ப்பக்கத்தில் சாத்துவதே மேல். இந்த வேலையை முடித்த நேரத்தை நிமிடத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

அடுத்தது, காத்திருக்கும் ஆர்டர்களையெல்லாம் ரத்து செய்வது. அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய் நேராகப் பொசிஷனை மூடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் முதலிலேயே 1,000 பங்குகளை வாங்கிக் கணக்கைச் சுழியமாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்து விலை இறங்கும்போது, மறந்துபோன அந்த ஸ்டாப் லாஸ் நிறைவேறி, 500 பங்குகள் மீண்டும் ஷார்ட்டாக நிற்கும். புரோக்கரிடமே பதிவாகி நாள் கணக்கில் காத்திருக்கும் ஆர்டர்கள் தனிப் பக்கத்தில் இருக்கக்கூடும். அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

இதன் பிறகுதான் மூடும் வேலை. பார்க்க வேண்டியது புரோக்கரின் பொசிஷன் பக்கம் மட்டுமே. அதில் எண்ணிக்கையோடு, பொசிஷன் அன்றே முடிக்க வேண்டிய `MIS` வகையா, மறுநாளுக்கும் வைத்திருக்கக்கூடிய `NRML` அல்லது `CNC` வகையா என்பதையும் கவனியுங்கள். `MIS` ஷார்ட்டை மூட `CNC` என்று கொடுத்து வாங்கினால், பழையது அப்படியே நிற்க, பக்கத்தில் புதிதாக ஒரு பொசிஷன் உருவாகும். ஆர்டரைக் கையால் தட்டுவதைவிட அந்த வரிசையிலேயே உள்ள `Exit` பொத்தானைப் பயன்படுத்துவது இந்தத் தவறைத் தவிர்க்கும்.

விலையில் பதற்றம் கூடாது. விற்பவர்களின் வரிசையில் 412.10 ரூபாய்க்கு 200 பங்குகளும், 412.50க்கு 350-ம், 413.40க்கு 600-ம் இருப்பதாகக் கொள்வோம். 413.40க்கு லிமிட் வைத்து 1,000 வாங்கினால், எல்லாமே 412.10க்குக் கிடைத்திருந்தால் ஆகும் செலவைவிட 725 ரூபாய் மட்டுமே கூடுதல். அந்த நொடியில் விற்பவர்கள் விலகிவிட்டால், மார்க்கெட் ஆர்டர் எந்த விலையில் போய் முட்டும் என்று சொல்ல முடியாது. லிமிட் ஆர்டரோ அங்கேயே நின்றுவிடும், அப்போது விலையை மாற்றிக்கொள்ளலாம்.

ஆப்ஷன்கள் இருந்தால் வரிசை முக்கியம். விற்ற ஆப்ஷன்களை முதலில் திரும்ப வாங்க வேண்டும். அவற்றுக்குக் காப்பாக வாங்கிய ஆப்ஷன்களைக் கடைசியில் விற்க வேண்டும். காப்பை முதலில் விற்றால், தனித்து நிற்கும் ஷார்ட்டுக்கு ஈடாக வைக்க வேண்டிய மார்ஜின் பணம் திடீரென்று உயர்ந்துவிடும், இடர்ப்பாட்டைத் தடுக்கும் காப்பும் இருக்காது.

இந்த முறையால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. நாம் ஷார்ட்டாக நிற்கும் பங்கு அன்றைய விலையின் மேல் வரம்பான அப்பர் சர்க்யூட்டைத் தொட்டுவிட்டால், விற்பவரே இருக்க மாட்டார். அப்போது எந்தப் பொத்தானும் உதவாது. அன்று மூட முடியாவிட்டால் பங்கைக் கொடுக்க முடியாமல் அது ஏலத்துக்குப் போகும். ஏல விலையில் ஏற்படும் இழப்பை ஏற்க வேண்டும். இதை உடனே புரோக்கருக்குத் தெரிவிப்பது தவிர வழியில்லை. தொலைபேசியில் பேசி ஆர்டர் கொடுப்பதற்கான கால் அண்ட் டிரேட் எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் தாளிலும் எழுதி மேசையில் ஒட்டுங்கள். இணையமும் செயலியும் சேர்ந்து படுத்துவிடும் நாளில் அதுவே ஒரே வழியாக இருக்கும்.

நிகர எண்ணிக்கை எல்லா வரிசையிலும் சுழியம், காத்திருக்கும் ஆர்டர்களும் சுழியம் என்று கண்டதும் எழுந்துவிடாமல், பத்து நிமிடம் கழித்து ஆர்டர் புத்தகத்தை மீண்டும் திறக்க வேண்டும். தாளில் குறித்த நேரத்துக்குப் பின் வந்த ஆர்டர்களில், நம் கையால் போடாதது ஒன்றாவது இருந்தால், நாம் அறியாத இன்னொரு கதவு திறந்திருக்கிறது என்று பொருள்: வேறொரு சர்வரில் ஓடும் பழைய பிரதி, அல்லது மறந்துபோன இரண்டாவது அனுமதி. அதைக் கண்டுபிடித்துச் சாத்தும்வரை, கணக்கில் தெரியும் சுழியம் தற்காலிகமானதே.