பத்தொன்பது பெயர்களில் ஒளிந்திருந்த ஆட்டோ செலவு

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை என்று வருத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் செயலியில் வரவழைக்கும் பிரியாணிதான் காரணம் என்பது அவருடைய சந்தேகம். மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒரு மாதம் போதாது. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், எந்த மாதத்தை எடுக்கிறோமோ அதற்கேற்பக் கணக்கு கோணிவிடும். அதைப் பாதியாக்கியே மாதச் செலவில் சேர்த்தோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டோம். பெரிய செலவெல்லாம் ஓட்டை அல்ல. வீட்டு வாடகை 11,000 ரூபாய். அது தெரிந்தே கொடுப்பது. ஒரு வகைக்கு உண்மையில் போன தொகையிலிருந்து, யோசித்துச் செலவழித்திருந்தால் ஆகியிருக்கும் தொகையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஓட்டை. அப்படிக் கழித்துப் பார்த்தபோது பிரியாணியில் வந்தது 600 ரூபாய்தான்.

யுபிஐ வரிகளில்தான் சிக்கல் இருந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள் சொந்தப் பெயரில் பணம் வாங்குவதால், 62 சவாரிகள் 19 பெயர்களில் சிதறிக் கிடந்தன. கணக்கு விவரத்தைப் பெயர்வாரியாக அடுக்கினால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. தொகையையும் நேரத்தையும் வைத்துத் தேடினோம்: காலை எட்டு மணியையொட்டி, நூறு ரூபாய்க்குச் சற்று மேல். கூட்டினால் 7,440 ரூபாய், மாதத்துக்கு 2,480. பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் பள்ளிக்குப் போன சவாரிகள் அவை. மழை, உடம்பு சரியில்லாத நாள் என்று மாதம் ஆறு சவாரிக்கு 720 ரூபாய் ஒதுக்கினாலும் 1,760 ரூபாய் மிஞ்சியது. முதல் ஓட்டை அதுதான்.

இரண்டாவது, ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம். மாதம் 6,000 ரூபாய். எங்கே போனது என்று வங்கி சொல்லாது. அக்கா 14 நாட்கள் ஒரு சின்ன நோட்டில் எழுதினார். காசிமேட்டு மீன், காய்கறி, பால் என்று எடுத்த 3,000 ரூபாயில் 2,450-க்குக் கணக்கு கிடைத்தது. மீதி 550 எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. மாதத்துக்கு 1,100. இரண்டே வாரக் கணக்கு என்பதால் இதைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஓட்டை வங்கிக் கணக்கில் தெரியவே இல்லை. குளிர்சாதனப்பெட்டி வாங்கிய கடன் அட்டையில் 24,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகையாக ஏறக்குறைய 2,200 ரூபாய் கட்டிவந்தார். வங்கிக் கணக்கில் அது வழக்கமான தவணை போல இருந்தது. அட்டையின் விவரத்தைத் திறந்தால் மாதம் 3.5 சதவீத வட்டி 840 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 151 ரூபாய். கட்டியதில் 991 ரூபாய் கடனைக் குறைக்கவே இல்லை.

இந்த மூன்றில் வட்டியைத்தான் முதலில் அடைக்கச் சொன்னேன். மற்ற இரண்டையும் அன்றாடம் கவனித்துக் குறைக்க வேண்டும். பாக்கியைக் கட்டி முடித்துவிட்டால் வட்டி தானாக நின்றுவிடும். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அக்கா பாக்கியை முழுவதும் கட்டிவிட்டார். பிரியாணி தொடர்கிறது.