மொத்தத் தொகை சரியாக இருந்தாலும் சுங்க வரிக் கணக்கு தவறலாம்

கடலூர் சிப்காட்டில் பட்டறை வைத்திருப்பவர் புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பினால், இடையில் மாநில எல்லை வருவதால் ஐஜிஎஸ்டி போடுகிறார். விலையின் மேல் 18 சதவீதம், அவ்வளவுதான். அதே ஐஜிஎஸ்டி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கும் இறக்குமதிச் சரக்குக்கும் உண்டு. அங்கே அது விலையின் மேல் மட்டும் விழுவதில்லை. உள்ளூர் பில் போட்டுப் பழகிய கை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

ஓர் உதிரிபாகத்தை எடுத்துக்கொள்வோம். விலை 2,300 யூரோ, கப்பல் கட்டணம் 180, காப்பீடு 20. ஆக 2,500 யூரோ. கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால், 2,50,000 ரூபாய் வருகிறது. வரி கணக்கிடுவதற்கான மதிப்பு இதுதான். அடிப்படைச் சுங்க வரி, பொருள் சுங்க வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். இங்கே 10 சதவீதம் என்று கொள்வோம். அது 25,000.

அடுத்து வருவது 2018 முதல் விதிக்கப்படும் சமூக நலக் கூடுதல் வரி. இதுவும் 10 சதவீதம்தான். ஆனால் சரக்கின் மதிப்பில் அல்ல, சுங்க வரித் தொகையில் 10 சதவீதம். எனவே 2,500 மட்டுமே. மதிப்பின் மேல் போட்டுவிட்டால் இந்த ஒரு வரியே 25,000 ஆகி, மொத்தத்தையும் தூக்கிவிடும்.

இப்போது மூன்றையும் கூட்டினால் 2,77,500. ஐஜிஎஸ்டி இந்தக் கூட்டுத்தொகையின் மேல் விழுகிறது. 18 சதவீதத்தில் அது 49,950. செலுத்த வேண்டிய மொத்தம் 77,450. அதாவது மதிப்பில் 30.98 சதவீதம். பத்து, ஒன்று, பதினெட்டு என்று கூட்டி 29 எதிர்பார்த்தவருக்கு மிச்சம் எங்கிருந்து வந்தது என்று புரியாது. சுங்க வரியும் கூடுதல் வரியுமான 27,500-க்கும் 18 சதவீதம் விழுந்திருக்கிறது. அந்த 4,950 ரூபாய்தான் மிச்சம்.

பிழையின் அளவே பிழை நடந்த இடத்தைச் சொல்லிவிடும் என்பது இந்த அடுக்கின் நல்ல குணம். ஐஜிஎஸ்டி சரியாக 4,950 குறைந்தால், அது வெறும் மதிப்பின் மேல் போடப்பட்டிருக்கிறது. 450 குறைந்தால் கூடுதல் வரியைக் கூட்டாமல் விட்டிருக்கிறார்கள். 2,500-இல் 18 சதவீதம் 450. இறக்குமதிக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி எதுவானாலும், ஐஜிஎஸ்டி 18 சதவீதமாக இருந்தால் அதை 0.18-ஆல் வகுத்துப் பாருங்கள். அதற்கு மேலே உள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகை அப்படியே கிடைக்க வேண்டும். கூடுதல் வரிக்கு விலக்கு பெற்ற பொருள்களும் உண்டு. அவற்றில் அந்த வரி பூஜ்யமாக இருப்பது பிழையல்ல.

மொத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதியடைபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் வரிசையை மாற்றி, முதலில் மதிப்பின் மேல் ஐஜிஎஸ்டியாக 45,000 போடுகிறார். பிறகு 2,95,000-இன் மேல் சுங்க வரியும் கூடுதல் வரியும் சேர்த்து 11 சதவீதமாக 32,450 போடுகிறார். மொத்தம்? அதே 77,450! 1.11-ஐ 1.18-ஆல் பெருக்கினாலும், 1.18-ஐ 1.11-ஆல் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். ஆனால் பட்டறைக்கு இரண்டும் ஒன்றல்ல. ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். சுங்க வரியும் கூடுதல் வரியும் செலவோடு போனவை. வரிசை மாறிய கணக்கை நம்பி விலை நிர்ணயித்தால், திரும்பக் கிடைக்கும் 4,950 ரூபாயை அடக்கச் செலவில் ஏற்றிவிடுவோம். ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சரிபார்ப்பதே என் பரிந்துரை.

இந்தச் சோதனைகள் எதிலும் சிக்காத பிழையும் உண்டு: மதிப்பே தவறாக இருப்பது. வங்கி தரும் 102 ரூபாய் விகிதத்தைப் போட்டால் மதிப்பு 2,55,000 ஆகும். எல்லா வரிகளும் ஒரே அளவில், 2 சதவீதம், ஏறிவிடுவதால் வகுத்துப் பார்த்தாலும் பொருந்தும். ஆனால் வரி 1,549 ரூபாய் கூடியிருக்கும். செல்லுபடியாவது வங்கி விகிதமல்ல, பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்த நாளில் அமலில் இருந்த சுங்கத்துறை விகிதம். இதுபோலவே, 2017 செப்டம்பர் வரை மதிப்போடு 1 சதவீதம் இறக்குக் கட்டணம் கூட்டினார்கள். பழைய எக்செல் தாளில் அந்தக் கூட்டல் இன்னும் இருந்தால் எல்லாத் தொகையும் 1 சதவீதம் கூடும். மதிப்பை மட்டும் இன்வாய்ஸ், கப்பல் கட்டண ரசீது, காப்பீட்டுச் சான்று, அன்றைய விகிதம் ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.