மெய்ப்பகுதி 50 ஓம் இருந்தும் பவர் ஏன் திரும்பி வருகிறது?

திருவாரூரில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: மாடியில் கட்டிய 145 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனாவை அளந்தால் 50 + j50 ஓம் காட்டுகிறது, கேபிளும் 50 ஓம்தான், அப்புறம் ஏன் ஐந்தில் ஒரு பங்கு பவர் திரும்புகிறது?

சூத்திரம் பாடத்தில் இருப்பதுதான். Γ என்பது திரும்பும் அலையின் வோல்டேஜுக்கும் முன்னே போகும் அலையின் வோல்டேஜுக்கும் உள்ள விகிதம், ZL ஆன்டெனாவின் மின்மறுப்பு, Z0 கேபிளினுடையது.

Γ = (ZL − Z0) / (ZL + Z0)

j50-ஐ 100 + j50-ஆல் வகுத்தால் 0.2 + j0.4. அளவு 0.447, கோணம் 63 டிகிரி. அளவின் வர்க்கம் 0.2, அதுதான் அந்த ஐந்தில் ஒரு பங்கு. 50 + j50-இன் அளவு 70.7 என்று முதலிலேயே சுருக்கிச் சூத்திரத்தில் போட்டால் 0.17 வரும், வெறும் 3 சதவீதம்தான் திரும்புகிறது என்று எழுதிவிட்டு வருவோம். கலப்பெண்ணைக் கடைசிவரை கலப்பெண்ணாகவே வைத்திருங்கள்.

சரி, அந்த j எதற்காக அலையைத் திருப்ப வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேபிளில் முன்னே போகும் அலையில் வோல்டேஜும் கரன்ட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், விகிதம் எங்கேயும் 50. ஆன்டெனாவுக்கோ கரன்ட் 45 டிகிரி பின்தங்கி வரவேண்டும். முன்னே போகும் அலையால் மட்டும் இதைத் தர முடியாது, அதனால் முனையிலேயே இன்னொரு அலை கிளம்பித் திரும்பி ஓடுகிறது. அதன் வோல்டேஜ் முன்னதோடு கூடும். திசை எதிர் என்பதால் கரன்ட் கழியும். வோல்டேஜ் 1 + Γ, அதாவது 1.2 + j0.4, 18 டிகிரி முந்துகிறது. கரன்ட் 1 − Γ, அதாவது 0.8 − j0.4, 27 டிகிரி பிந்துகிறது. இரண்டுக்கும் இடைவெளி சரியாக 45! ஆன்டெனா கேட்டது கிடைத்துவிட்டது, அதற்கு விலை 20 சதவீத பவர்.

63 டிகிரி என்ற கோணத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. வோல்டேஜ் உச்சம் கேபிளில் எங்கே நிற்கும் என்பதை அதுதான் சொல்கிறது. ஆர்ஜி-58 கேபிளுக்குள் அலைநீளம் சுமார் 1.37 மீட்டர், 63-ஐ 720-ஆல் வகுத்து அதோடு பெருக்கினால் ஆன்டெனாவிலிருந்து 12 சென்டிமீட்டர்.

கேபிளில் வோல்டேஜ் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதம்தான் எஸ்டபிள்யூஆர். கேபிளை இத்தனை அடிக்கு வெட்டினால் அது இறங்கும் என்று ராசி பார்க்கிற மாதிரி சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். இழப்பில்லாத கேபிளில் நீளம் மாறினால் Γ-வின் கோணம்தான் சுழலும், அளவு அப்படியே இருக்கும். இங்கே எஸ்டபிள்யூஆர் 2.6, எங்கே அளந்தாலும் அதுதான். கேபிளை விட்டுவிட்டு டைபோலின் கைகளை வெட்டுங்கள். +j என்றால் கை கொஞ்சம் நீளம், இரு பக்கமும் சமமாக, சில மில்லிமீட்டர் வீதம் குறைத்து அளந்து பார்க்கலாம்.

நிஜக் கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. மழையில் ஊறிய பழைய கேபிள் ஒரு வழிக்கு 3 டெசிபல் விழுங்கினால், திரும்பும் அலை போகவர 6 டெசிபல் இளைத்து வரும். கீழே நின்று அளப்பவருக்கு 20 சதவீதம் 5 சதவீதமாகத் தெரியும், எஸ்டபிள்யூஆர் 1.6 என்று அழகாகக் காட்டும். கேபிளின் மேல்முனையில் 50 ஓம் டம்மி லோடை மாட்டி, கீழிருந்து எவ்வளவு பவர் மேலே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.