லேப் ரிப்போர்ட் தப்பாக வந்து செலவு ஏறினால் நாகர்கோவிலில் எப்படிப் புகார் கொடுப்பது

மார்த்தாண்டத்தில் ரத்தம் எடுப்பார்கள், சோதனை திருவனந்தபுரத்தில் நடக்கும், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும். நம்ம மாவட்டத்தில், அதிலும் மேற்குப் பக்கம், இது சாதாரணம். அந்த ரிப்போர்ட் தப்பாக இருந்து, அதை நம்பி இன்னும் நாலு டெஸ்ட் எடுத்து, ஒரு நாள் ஆஸ்பத்திரியிலும் படுத்துவிட்டால் அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது? ரத்தம் எடுத்த இடத்தில் கேட்டால் "சாம்பிள் அனுப்புறது மட்டும்தான் எங்க வேலை" என்பார்கள். லேபுக்கு போன் செய்தால் "கலெக்‌ஷன் சென்டர்ல கேளுங்க" என்பார்கள். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

மாமாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருந்தது. அதற்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 46,000 என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, டெங்குவாக இருக்குமோ என்று அட்மிட் செய்தார். மாமாவுக்குக் காய்ச்சலும் கிடையாது, உடம்பில் ஒரு ரத்தப் புள்ளியும் கிடையாது. "எடே, எனக்கு ஒண்ணும் இல்லடே" என்று கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்து அதே லேபுக்கே அனுப்பினார்கள், இந்தத் தடவை 44,000. டெங்கு டெஸ்ட், வயிற்று ஸ்கேன், எல்லாம் முடிந்து எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் நாகர்கோவிலில் ஒரு நோய்க்குறியியல் டாக்டர் ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பிளேட்லெட் எல்லாம் கட்டி கட்டியாக ஒட்டிக்கிடக்கிறது, மெஷின் அதை எண்ணவில்லை என்றார். நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் எடுத்துப் பார்த்தபோது 1,95,000. அந்தக் குழாயில் இருக்கும் திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்வதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும், ஆக 2,14,500. மாமா சொன்னதுதான் சரி.

எப்படி இது நடக்கிறது என்றால், சாதாரணமாக ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதில் EDTA என்ற மருந்து இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அந்த மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நேரம் போகப் போக அது கூடும். குழாயைச் சரியாகக் குலுக்காமல் விட்டாலும் கட்டி வரும். மார்த்தாண்டத்தில் காலை எடுத்த ரத்தம் மதியம்தான் மெஷினுக்குப் போனது என்பது இங்கே முக்கியம். மெஷினைப் பொறுத்தவரை ஒட்டிக்கிடக்கும் கட்டி பிளேட்லெட்டே அல்ல, அதனால் எண்ணிக்கை குறைந்துவிடும். கட்டி இருக்கலாம் என்ற எச்சரிக்கையைப் பல மெஷின்கள் தாமே காட்டும்.

புகாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். "46,000 என்ற எண் தப்பு" என்று எழுதினால் லேப் சுலபமாகத் தப்பித்துவிடும், ஏனென்றால் மெஷின் உண்மையாகவே அந்த எண்ணைத்தான் தந்தது, ஒட்டிக்கொண்டது மாமாவின் ரத்தம், லேபின் குற்றமல்ல. லேப் செய்யாமல் விட்டது வேறு. இவ்வளவு குறைவான பிளேட்லெட் வந்தால் ஸ்லைடு போட்டுப் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும், கட்டி தெரிந்தால் ரிப்போர்ட்டிலேயே "கட்டிகள் உள்ளன, சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கவும்" என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு தடவையும் அந்த ஒரு வரி இல்லை. நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடு என்பது அந்த விடுபட்ட வரிதான்.

இதனாலேயே எல்லா வித்தியாசமும் புகார் ஆகாது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை ஒரு லேபில் சுகர் 142, சாயங்காலம் இன்னொரு லேபில் 118 என்றால் யார் மேலும் வழக்குப் போட முடியாது. இரண்டு லேபுக்கு நடுவே கொஞ்சம் வித்தியாசம் வருவது இயல்பு, சாப்பிட்டதும் நேரமும் சேர்ந்து மாற்றும். ஆள் மாறிப்போன ரிப்போர்ட், வயதோ பாலினமோ தப்பாகப் போட்ட ரிப்போர்ட், சாம்பிள் கெட்டது தெரிந்தும் குறிப்பு இல்லாமல் விட்ட ரிப்போர்ட், இவைதான் நிற்கும்.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்? தப்பு தெரிந்த அன்றே லேபுக்கு மெயிலோ வாட்ஸ்அப்போ போட்டு, மீதி ரத்தத்தையும் ஸ்லைடு இருந்தால் அதையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். ரத்த சாம்பிளைச் சில நாள்தான் வைத்திருப்பார்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது, நாங்கள் நாலு தடவை போன் செய்து கத்தினோம், ஒன்றுக்கும் உதவவில்லை. "அண்ணா, மிஷின் தர்றதைத்தான் நாங்க போடுவோம்" என்று அந்தப் பிள்ளை சொன்னது, அதுவும் பாவம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு சாட்சி, இரண்டாவதாகப் பார்த்த டாக்டரின் கையெழுத்து. "முதல் இரண்டு ரிப்போர்ட்டிலும் பிளேட்லெட் பொய்யாகக் குறைந்து காட்டியிருக்கிறது, காரணம் இது" என்று லெட்டர்பேடில் இரண்டு வரி. சக டாக்டருக்கு எதிராக எழுதத் தயங்குவார்கள் என்று பயந்தோம், ஆனால் யாரையும் குறை சொல்லாமல் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டதும் எழுதித் தந்துவிட்டார். மருத்துவக் கவனக்குறைவு வழக்கு ஒவ்வொன்றிலும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இருந்தாலும் மைக்ராஸ்கோப் விஷயத்தில் அந்தக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள்.

அடுத்தது எழுத்துப் புகார். கலெக்‌ஷன் சென்டர், திருவனந்தபுரம் லேப் இரண்டுக்கும் தனித்தனியாக, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். ரிப்போர்ட்டின் அடியில் சோதனை எந்த ஊரில் நடந்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும், அந்த முகவரியைப் போடுங்கள். நாங்கள் எழுதியதன் நடுப்பகுதி இப்படி:

"தங்கள் லேபின் இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் பிளேட்லெட் 46,000, 44,000 என்று எந்தக் குறிப்பும் இன்றி வழங்கப்பட்டது. ஸ்லைடு பார்க்கப்பட்டதா, பார்த்தவர் யார், சாம்பிள் எடுத்த நேரம், லேபில் பெற்ற நேரம், மெஷின் காட்டிய எச்சரிக்கை ஆகியவற்றின் நகலைத் தரவும். இதனால் ஏற்பட்ட செலவு ரூ.8,450. பில்கள் இணைப்பு. 15 நாளில் பதில் தரவும்."

அந்த 8,450 எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். லேபுக்குக் கட்டியது இரண்டு தடவை 350 வீதம் 700, டெங்கு டெஸ்ட் 1,200, ஸ்கேன் 1,000, ஒரு நாள் அட்மிஷன் 4,600, நாகர்கோவில் டாக்டர் பீஸ் 500, ஸ்லைடும் சிட்ரேட் டெஸ்ட்டும் 450. எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. டாக்ஸிக்குக் கொடுத்த 1,400-க்குப் பில் இல்லை, ஜிபே திரைப்பதிவு மட்டும்தான், அதைத் தனியாகக் கேட்டோம். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் போடலாம் என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள், பில்லோடு நிற்கிற சின்னத் தொகைக்கு இருக்கும் மரியாதையை அது கெடுத்துவிடும். நாங்கள் 25,000 என்று போட்டோம், அதுவே அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதில் வந்தது, "தொழில்நுட்ப வேறுபாடு இயல்பானது, நல்லெண்ண அடிப்படையில் 700 ரூபாய் திருப்பித் தருகிறோம்" என்று. முழுத் தீர்வு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. வாங்கவில்லை.

அதற்கு மேல் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். லேப் கேரளாவில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. கட்டணமும் இல்லை. நீங்கள் சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் பூஜ்யம், நாம் கொடுத்ததோ 700. வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நேரில் போயும் கொடுக்கலாம், e-jagriti.gov.in தளத்திலும் பதியலாம். நோயாளி பெயரிலேயே புகாரைப் போட்டோம், மாமா கையெழுத்துப் போட்டார், ஓடியாடியது நான். புகார், பிரமாணப் பத்திரம், ரிப்போர்ட்டுகள், பில்கள், டாக்டர் கடிதம், ஸ்பீட் போஸ்ட் ரசீது, இவ்வளவுதான் கட்டு. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை நம்பி காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். ஆணையத்துக்குப் போகாமலே சமரசம் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

ஒரு விஷயம், எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் இடத்தில் நடந்த சோதனைக்கு இந்த வழி கிடையாது. 1995-ல் சாந்தா வழக்கில் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த உச்ச நீதிமன்றமே அதையும் சொல்லிவிட்டது.

ரத்தம் எடுத்த சென்டர் நம்ம மாவட்டத்தில் இருப்பதால் இன்னொரு கதவும் உண்டு. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-ன் கீழ் லேப்களும் பதிவு செய்ய வேண்டும். புகாரை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு அனுப்பலாம். அவர் பணம் வாங்கித் தர மாட்டார், ஆனால் விசாரிக்க முடியும். நாங்கள் நகலை அங்கே அனுப்பிய பிறகுதான் சென்டரிலிருந்து முதல்முறையாக அவர்களாகவே போன் வந்தது.

நோட்டீஸ் போன பிறகு, முதல் வாய்தாவிலேயே லேப் தரப்பு பேச வந்தது. 9,850, அதாவது பில் தொகையும் டாக்ஸியும். மன உளைச்சலுக்கு ஒன்றும் இல்லை. மாமா சரி என்றுவிட்டார், அவருக்கு ஆபரேஷன் முடிந்து வயலுக்குப் போகும் அவசரம்.

இப்போது அவர் மருத்துவ ஃபைலின் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்: "பிளேட்லெட் பார்க்க நீல மூடிக் குழாய்."