கல்லாவிலிருந்து வீட்டுக்குப் போகும் ஆயிரம் ரூபாய்

"சார், வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் டீக்கடை வைத்திருக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு அடுப்பு பற்ற வைத்தால் ராத்திரி பத்து மணிக்குத்தான் ஷட்டரை இறக்குகிறேன். தினமும் கல்லாவிலிருந்து ஆயிரம் ரூபாய் வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன். கடைப்பையன் சம்பளத்தைச் செலவு என்று எழுதிக்கொண்டீர்கள். என் ஆயிரத்தை மட்டும் செலவில் சேர்க்கவில்லை, 'எடுப்பு' என்று தனியாக எழுதிவிட்டீர்கள். நானும்தானே உழைக்கிறேன்? இது என்ன நியாயம்?"

கணக்கு எழுதும் என்னிடம் வந்த இந்தக் கடிதம் சரியான கேள்வியைத்தான் கேட்கிறது. ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

மாத வியாபாரம் 1,50,000 ரூபாய். பால், டீத்தூள், சர்க்கரை, கேஸ், பன், பிஸ்கட் எல்லாம் சேர்த்து 84,000. வாடகையும் கரண்டும் 12,000. பையன் சம்பளம் 18,000. மொத்தச் செலவு 1,14,000 போக லாபம் 36,000. அதிலிருந்து அவர் வீட்டுக்கு எடுத்தது 30,000.

அந்த 30,000-ஐயும் செலவாக எழுதினால் லாபம் 6,000 என்று வரும். சரி, அடுத்த தெருவில் இதே அளவு வியாபாரம், இதே செலவோடு இன்னொரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் இன்னொரு வருமானமும் வருவதால் கடைக்காரர் மாதம் 10,000 மட்டும் எடுக்கிறார். அவருக்கு லாபம் 26,000 என்று காட்டும். இரண்டு கடையிலும் ஒரே பால், ஒரே டீ, ஒரே விற்பனை. லாபம் மட்டும் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது. அப்படியென்றால் அந்த எண் கடையை அளக்கவில்லை, வீட்டுத் தேவையைத்தான் அளக்கிறது.

அதனால்தான் கணக்கியலில் கடையை ஒரு ஆளாகவும் முதலாளியை வேறொரு ஆளாகவும் வைத்துக்கொள்கிறோம். பாலுக்குக் கொடுத்த பணம் டீயாகி விற்பனையாகத் திரும்புகிறது. பையன் சம்பளத்துக்குப் பதிலாகக் கடைக்கு அவன் உழைப்பு கிடைக்கிறது, லாபமே இல்லாத மாதத்திலும் அதைக் கொடுத்தாக வேண்டும். முதலாளி உழைப்புக்குக் கூலி முன்கூட்டியே பேசப்படவில்லை. எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சும் 36,000-தான் அவர் கூலி. 30,000 எடுக்கும்போது, ஏற்கெனவே தனக்குச் சேர்ந்ததில் ஒரு பகுதியைக் கையில் வாங்கிக்கொள்கிறார். அதையே செலவாகவும் எழுதினால் அவர் கூலியில் ஒரு பகுதியை லாபத்திலிருந்து கழித்து மறைத்ததாகிவிடும்.

ஏட்டில் இது சின்ன வேலைதான். எடுப்புக் கணக்கில் பற்று, பணம் வெளியே போவதால் ரொக்கக் கணக்கில் வரவு. வருட முடிவில் லாபம் முதலாளி கடையில் போட்ட முதலுக்கான கணக்கில் ஏறும், எடுப்பு அதிலிருந்து குறையும். வருமான வரியிலும் சொந்தச் செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. வரி லாபத்தின் மேல்தான். பணத்தை வீட்டுக்கு எடுத்தாலும் கல்லாவிலேயே விட்டாலும் அது மாறாது.

ரொக்கத்தைவிட அதிகம் தவறுவது பாலில்தான். இவர் தினமும் கடைப் பாலில் ஒரு லிட்டர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். லிட்டர் 60 ரூபாய் என்றால் மாதம் 1,800. இதுவும் எடுப்புதான், ஆனால் கடையின் பால் செலவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. எழுதாமல் விட்டால் வாங்கிய பாலுக்கும் விற்ற டீக்கும் கணக்கு ஒத்துவராது. டீயில் பால் கூடுதலாகப் போகிறதோ, பையன் எடுக்கிறானோ என்று வீண் சந்தேகம் வரும். அதைச் செலவிலிருந்து எடுத்து எடுப்பில் போட்டால் லாபம் 37,800, எடுப்பு 31,800.

அப்புறம், ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதம். கூடுதலாக 12,000 எடுத்தால் எடுப்பு 43,800 ஆகிவிடும். லாபத்தைவிட 6,000 அதிகம். அந்த 6,000 கடையின் முதலிலிருந்து போகிறது. கல்லாவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் கல்லாவில் பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணமும் கலந்தே கிடக்கிறது. வியாபாரம் குறையாமலேயே பால்காரர் பாக்கி மாதாமாதம் ஏறினால், எடுப்பு லாபத்தைத் தாண்டுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று அவசரப்பட்டு டீ விலையை ஏற்றினால் வாடிக்கைதான் குறையும்.

அவர் உழைப்புக்கு மதிப்பு உண்டு. அதைப் பார்க்கும் இடம்தான் வேறு. இதே மனிதர் இன்னொரு கடையில் மாஸ்டராக நின்றால் மாதம் 25,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 37,800 லாபத்தில் 25,000 போனால் மிஞ்சும் 12,800, அவர் போட்ட முதலுக்கும் எடுத்த ரிஸ்குக்கும் கிடைப்பது. லாபம் 25,000-க்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டால், சொந்தக் கடை அவருக்குக் கூலியைக்கூட முழுதாகத் தரவில்லை என்று தெரியும். கடையைத் தொடர்வதா, வாடகை குறைந்த இடத்துக்குப் போவதா என்று முடிவெடுக்க இந்த எண்தான் வேண்டும். எடுப்பைச் செலவில் கலக்காமல் வைத்திருந்தால்தான் அது கிடைக்கும்.