பாக்கு மட்டும்தானே என்றால்: வாய் இறுகும் கதை

கடையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தம்பிக்கு 28 வயது, மினி லாரி ஓட்டுகிறார். ஒரு வருஷமாகவே காரம் பட்டால் வாய் எரிகிறது என்று குழம்பைத் தள்ளிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது உளுந்தவடையைப் பிய்த்துத்தான் வாயில் போட வேண்டியிருக்கிறதாம். "அவன் போயலைய கையால தொட்டதில்ல. பான் மசாலா மட்டுந்தான், அதுல வெறும் பாக்குதான இருக்கு? எங்க ஆச்சி சாகுற வரைக்கும் வெத்தலப்பெட்டிய கீழ வச்சதில்ல, அவுகளுக்கு ஒண்ணும் ஆகலயே" என்று கேட்கிறார்.

நம் பக்கத்தில் வெற்றிலை சாதாரணப் பொருளில்லை. தாமிரபரணித் தண்ணீரில் விளையும் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தாம்பூலத் தட்டு இல்லாமல் நிச்சயதார்த்தம் கிடையாது. அதனால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கில் கெட்டது எது என்று கேட்டால், யோசிக்காமல் புகையிலை மேல் கைகாட்டிவிட்டு மற்ற மூன்றையும் மங்கலப் பொருள் என்று விட்டுவிடுகிறோம். புகையிலை கெட்டதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தம்பியின் வாயை இறுக்கியது பாக்கு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல், புகையிலை சேராத தாம்பூலத்தையும் தனியாகப் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வகுப்பிலேயே வைத்தது. சிகரெட் இருக்கும் அதே வகுப்பு.

தம்பிக்கு வந்திருப்பதைப் பல் மருத்துவர்கள் ஓ.எஸ்.எம்.எஃப். என்பார்கள், ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் பெருகி, இறுகி, வாய் திறக்க முடியாமல் போவது. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இதைக் கண்டு எழுதினார். காரணம் தெரியாத நோய் என்றே அன்று பெயர் வைத்தார்.

காரணம் இப்போது தெரியும். அது செயல்படும் விதம் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல்களில் ஒன்று. நோயைச் சொல்லவில்லை, அதன் நுட்பத்தைச் சொல்கிறேன்.

நம் கன்னம் இழுத்த இழுப்புக்கு வருவதற்குக் காரணம், அதன் அடியில் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அது. இந்த நாரை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் நெய்துகொண்டே இருக்கும், பழையதைச் சில நொதிகள் வெட்டி அகற்றிக்கொண்டே இருக்கும். வரவும் செலவும் சமமாக இருக்கிற வரை கன்னம் மெத்தென்றிருக்கும். பாக்கு இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் கெடுக்கிறது.

வரவுப் பக்கம் அரிகோலின், பாக்கிலுள்ள ஓர் ஆல்கலாய்டு. பாக்கு போட்டதும் காது சூடேறி, நெற்றி வியர்த்து, சுறுசுறுப்பு வருகிறதே, அது இதன் வேலைதான். சுண்ணாம்பு சேர்ந்து வாயில் காரத்தன்மை ஏறும்போது இது சவ்வின் வழியே வேகமாக உள்ளே போகிறது. ஒரு பகுதி அரிகெய்டினாகவும் மாறுகிறது. இவை, கூடுதலாக நார் நெய்யும்படி செல்களைத் தூண்டுகின்றன.

செலவுப் பக்கம்தான் வேடிக்கை. பாக்கில் தாமிரம் அதிகம், நாம் கொறிக்கும் மற்ற கொட்டைகளைவிட அதிகம். ஐந்து நிமிஷம் மென்றாலே எச்சிலில் தாமிரத்தின் அளவு ஏறுவதை அளந்திருக்கிறார்கள். நம் உடம்பில் லைசில் ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன் கயிறுகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டு இணைப்பது அதன் தொழில். அந்த நொதிக்குத் தாமிரம் இல்லாமல் வேலை ஓடாது. பாக்கு மெல்லும் வாயில் தாமிரத்துக்குப் பஞ்சமே இல்லாததால் அது முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுத் தள்ளுகிறது. முடிச்சு விழுந்த நாரை வெட்டுகிற நொதிகளால் எளிதில் வெட்ட முடிவதில்லை.

இதோடும் நிற்பதில்லை. பாக்கின் துவர்ப்பு டானின்கள். திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டை போட்டு ஆட்டுத்தோலைப் பதனிடுவார்கள். பட்டையிலிருந்து இறங்கும் டானின் தோலின் கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்தத் தோலை எந்த நொதியும் அரிக்காது. அழுகவேண்டிய தோல் செருப்பாகிப் பல வருஷம் உழைப்பது அதனால்தான். பாக்கை அடக்கிக்கொண்டு தூங்குகிற மனிதர், தன் கன்னத்தை உயிரோடு பதனிட்டுக்கொண்டிருக்கிறார். பான் மசாலாவில் பாக்கோடு காசுக்கட்டியும் உண்டு, அதுவும் டானின்தான்.

அப்படியானால் ஆச்சிக்கு ஏன் வரவில்லை? முதலில், மென்றவர் எல்லாருக்கும் வருவதில்லை; தப்பித்த ஆச்சிகளைத்தான் நாம் உதாரணம் காட்டுகிறோம். இரண்டாவது, ஆச்சி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டார், பாக்கைவிட இலை அதிகம், சாற்றைத் துப்பினார், வாயைக் கொப்பளித்தார். தம்பியின் பாக்கெட்டில் இருப்பது உலர்ந்த பாக்குத் தூள். ஈரமான இலை கிடையாது, எடைக்கு எடை பாக்கு மிக அதிகம். சங்கரன்கோவிலுக்கு ஒரு நடை போய்வருவதற்குள் பாக்கெட் பாக்கெட்டாகக் கிழிக்கிறார், துப்புவதும் இல்லை. 1996-இல் வெளியான ஓர் ஐதராபாத் ஆய்வில், தாம்பூலம் போட்டவர்களுக்கு இந்த நோய் வர சராசரியாக எட்டரை ஆண்டுக்குமேல் ஆனது. பான் மசாலாக்காரர்களுக்கு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

தம்பியை எப்படிப் பரிசோதிப்பார்கள் என்று பார்ப்போம். வாயை முடிந்தமட்டும் திறக்கச் சொல்லி, மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்புவரை ஸ்கேல் வைத்து அளப்பார்கள். பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டரை ஒட்டியோ கூடவோ இருக்க வேண்டும். வீட்டில் பார்ப்பதென்றால் அவரவருடைய மூன்று விரல்களை ஒன்றன் கீழ் ஒன்றாகச் செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம். வடை நுழையாத வாய் 25-க்குள் இருக்கக்கூடும். இரண்டு விரலே சிரமம். அடுத்து கன்னத்தின் உட்புறம் சிவப்பு போய்ப் பளிங்கு வெளுப்பாக இருக்கும். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தடவினால் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நார் தட்டுப்படும். நாக்கை நீட்டச் சொன்னால் உதட்டைத் தாண்டாது. உள்நாக்கு சுருங்கியிருக்கும். கன்னத்தை உப்பச் சொன்னால் உப்பாது, சீட்டி அடிக்க வராது.

இவற்றில் முதலில் வருவது எரிச்சல்தான். அந்தக் கட்டத்தில் நம்மவர்கள் செய்வது மணத்தக்காளிக் கீரை, மெடிக்கலில் ஒரு அட்டை பி-காம்ப்ளக்ஸ், "உடம்புச் சூடு" என்று எண்ணெய்க் குளியல். கீரையின் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த ஒரு வருஷத்தின் மேல்தான் கோபம். எரிச்சல் மட்டும் இருந்தபோதே பாக்கை விட்டிருந்தால் நார் அங்கேயே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். பட்டை விழுந்த பிறகு நிறுத்தினால் மேலும் கூடாமல் தடுக்கலாம், விழுந்தது தானாகக் கரையாது.

ஓ.எஸ்.எம்.எஃப். புற்றுநோயல்ல. ஆனால் புற்றுநோய் வரும் பாதை. நார் நெருக்கியதில் ரத்த நாளங்கள் ஒடுங்கி, மேல்தோல் மெலிந்துபோகிறது. பாக்கின் ஆல்கலாய்டுகளிலிருந்து எச்சிலிலேயே உண்டாகும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய் தூண்டும் பொருள்கள் அந்த மெலிந்த தோலில்தான் தினமும் படுகின்றன. எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. பாக்கோடு புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். இரண்டும் கலந்த குட்காவுக்குத் தடை வந்த பிறகு பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று தனித்தனியாக விற்பவர்கள், சேர்க்கும் வேலையை வாங்குகிறவர் கையில் விட்டிருக்கிறார்கள்.

இதிலுள்ள பெரிய சிக்கல், இறுகிய வாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாது. கடைவாய்க்குப் பின்னால் புண் வளர்ந்தால் நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் சுலபத்தில் தெரியாது. ஏற்கெனவே எரிகிற வாய் என்பதால் புது மாற்றத்தை யாரும் பொருட்படுத்துவதுமில்லை. அதனால் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாரின் எரிச்சல் வாய் முழுக்க இருக்கும், காரம் பட்டால் கூடும். தொடக்கத்தில் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது, ஒரே இடத்தில் இருக்கும். பாக்கை அடக்கும் அதே பக்கம், கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில்தான் நம் நாட்டில் அது அதிகம் வருகிறது. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட மோசமாக வெல்வெட் மாதிரியான சிவப்புத் திட்டு, விளிம்பு தடித்த புண், காரணமில்லாமல் ஆடும் பல், தாடைக்குக் கீழே வலியில்லாத நெறி. பாக்கை நிறுத்தி, குத்துகிற பல் இருந்தால் அதையும் சரிசெய்து இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் புண் ஆறாவிட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதுதான் வழி.

இங்கேதான் "கத்தி பட்டா பரவிரும்" என்ற பேச்சு வரும். படித்த அண்ணாச்சிமார்கூடச் சொல்கிறார்கள். வாய்ப் புண்ணில் பயாப்சி எடுத்ததால் நோய் பரவியது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கத்திக்குப் பயந்து நாட்டு மருந்து தடவிக்கொண்டிருந்த மாதங்களில் கழுத்து நெறிக்குப் பரவியவர்கள் நிறைய.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு டார்ச், ஒரு கையுறை, பயிற்சி பெற்ற ஒரு கண். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இதையே செய்ய என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. நாரைக் கரைக்கும் மருந்துக்கான ஆராய்ச்சியும் அப்படித்தான். பணக்கார நாடுகளில் இந்த நோய் அரிது, அதனால் பெரிய மருந்து நிறுவனங்களுக்கு அக்கறையில்லை. பாக்கு விற்பவர்களும் நாம்தான், மெல்லுகிறவர்களும் நாம்தான், ஆராய்ச்சிக்குப் பணத்தை வேறு யார் போடுவார்கள்?

கடையத்துத் தம்பிக்குச் செய்ய வேண்டியது: முதலில் பாக்கெட்டை விட வேண்டும். பாக்குக்கும் அடிமைத்தனம் உண்டு, முதல் சில வாரங்களில் சிடுசிடுப்பும் தூக்கக்கேடும் வரும், வண்டி ஓட்டுகிறவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தென்காசி அரசு மருத்துவமனையிலோ பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலோ பல் பிரிவில் காட்டி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நார்ப் பட்டைக்குள் ஸ்டீராய்டும் ஹயலூரானிடேஸ் என்ற நொதியும் சில வாரங்கள் ஊசியாகப் போடுவார்கள், ஓரளவு நெகிழும். ரொம்ப இறுகியிருந்தால் அறுவை சிகிச்சை. எதைச் செய்தாலும் வீட்டில் பயிற்சி வேண்டும்: ஐஸ் குச்சிகளை அடுக்கி மேல் கடைவாய்ப் பல்லுக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே செருகி, சில நிமிஷம் தாங்கி, நாளுக்குப் பல தடவை செய்ய வேண்டும். சுலபமானதும் அடுக்கில் ஒரு குச்சி கூட்ட வேண்டும். பயிற்சியை விட்டால் வாய் மறுபடி இறுகும். வாய் நன்றாகத் திறந்த பிறகும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த அடக்கும் பள்ளத்தை மருத்துவரிடம் காட்டிவர வேண்டும். பாக்கை விட்டாலும் புற்றுநோய் வாய்ப்பு முழுக்கப் போவதில்லை.