வாலைத் துரத்தும் நாய்: விளையாட்டா, அரிப்பா?

நாலைந்து மாதக் குட்டி தன் வாலைப் பிடிக்கச் சுற்றினால் அது பெரும்பாலும் விளையாட்டுத்தான். உடம்பு தளர்வாக இருக்கும். தடுமாறி விழும், எழுந்து மறுபக்கம் சுற்றும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விட்டுவிட்டு ஓடிவரும். வீட்டார் கைதட்டிச் சிரித்தால் அதற்காகவே திரும்பத் திரும்பச் செய்யும். அதனால் சுற்றும்போது பார்க்காதிருந்து, நின்ற பிறகு விளையாட்டுக் காட்டுவது நல்லது.

வளர்ந்த நாய் திடீரென்று சுற்றத் தொடங்கினால் அப்படி விட்டுவிட முடியாது. லயத்து வாசலில் சாக்கில் படுக்கும் மூன்று வயது நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து சுற்றுகிறது. கூர்ந்து பார்த்தால், அது வால் நுனியைத் துரத்தவில்லை; வாலின் அடியை முன்பற்களால் நறுக் நறுக்கென்று கடிக்கிறது. அங்கே மயிர் உதிர்ந்து, தோல் சிவந்திருக்கிறது. இது பெரும்பாலும் தெள்ளுக்கடி ஒவ்வாமை. தெள்ளின் எச்சிலே ஒவ்வாத நாய்க்கு இரண்டொரு கடி போதும், நாட்கணக்கில் அரிக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளைக் கடதாசியை நனைத்துத் தரையில் விரித்து, அதன் மேல் நாயை நிறுத்தி, வாலடி மயிரைச் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகள்கள் ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். அதாவது செரித்த இரத்தம். மண் என்றால் அப்படிக் கரையாது. ஒன்றும் விழாவிட்டாலும் தெள்ளு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அரிப்புள்ள நாய் நக்கி நக்கித் தெள்ளை விழுங்கிவிடும்.

மருந்து நாயின் எடையைப் பொறுத்தது, மிருக வைத்தியரிடம் கேட்டே வாங்குங்கள். ஒருமுறை போட்டு நிறுத்தினால் பயனில்லை. முட்டைகள் உதிர்ந்து சாக்கிலும் தரை வெடிப்பிலும் கிடக்கும், கூட்டுப்புழு வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். ஆகவே குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும். சாக்கைக் கொதிநீரில் அலசுங்கள், முடிந்தால் எரித்துவிடுங்கள். வீட்டிலுள்ள மற்ற நாய், பூனைகளுக்கும் மருந்து வேண்டும். ஆனால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிக்கொல்லியையும் மண்ணெண்ணெயையும் எந்தப் பிராணியின் மேலும் பூசக் கூடாது. நாய் அதை நக்கும், விஷம் உள்ளே போகும்.

பிட்டத்தைத் தரையில் தேய்த்து இழுத்தால் மலவாய்ப் பைகள் அடைத்திருக்கலாம். அரிசி போன்ற துண்டுகள் மலத்திலோ வாலடியிலோ தெரிந்தால் நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவதும் அதுதான்.

அரிப்பே இல்லாமல், சாப்பாட்டைக் காட்டியும் நிற்காமல், பிடித்து நிறுத்திவிட்டால் உடனே மறுபடியும் சுற்றினால் அது மனத்தில் ஊறிய நோயாக இருக்கலாம். ஜேர்மன் ஷெப்பர்ட், புல் டெரியர் இனங்களில் இது அதிகம். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடப்பதும் இதை வளர்க்கும். அடித்து நிறுத்தப் பார்த்தால் பதற்றம் கூடிச் சுற்றலும் கூடும். வைத்தியரின் மேசையில் நாய் சுற்றாமல் நிற்கும் என்பதால், வீட்டில் சுற்றுவதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு போங்கள்; எந்த நேரம், எதற்குப் பிறகு சுற்றுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.